தீபாவளி மறுநாள் வெடிக்காத வெடியெல்லாம் என்ன பண்றீங்க?

மொட்டைமாடி
எங்க அபார்ட்மெண்ட் வேளச்சேரி பக்கம், 48 வீடு. இந்த வருஷம் அசோசியேஷன் செக்ரட்டரி நான், யாரும் முன்வரலன்னு என் தலையில கட்டிட்டாங்க. போன தீபாவளி மறுநாள் நடந்தத சொல்லிடறேன். பெருக்குற அம்மா காலைல எல்லா காகிதக் குப்பையையும் கூட்டி பார்க்கிங் ஓரத்துல குவிச்சிருந்தாங்க, ரெண்டு கோணிப்பை அளவு இருக்கும். குப்பை வண்டி வரல. எங்க வாட்ச்மேன் அண்ணன் "இத எவன் தூக்குறது"ன்னு ஒரு குச்சிய கிழிச்சுப் போட்டுட்டார். ரெண்டு மூணு நிமிஷம் சும்மா புகைஞ்சுட்டு இருந்துச்சு, அப்புறம் உள்ள எங்கயோ கிடந்த அணுகுண்டு ஒண்ணு டமார்னு வெடிச்சு எரியிற குப்பையெல்லாம் நாலாபக்கமும் பறக்க, ஒரு ஸ்கூட்டி சீட்ல ஓட்டை, அந்த அம்மாவுக்கு முழங்கையில கொப்புளம். நல்ல வேளை அதோட போச்சு.

இந்த வருஷம் ஒழுங்கா பண்ணணும்னு நினைக்கிறேன். எப்படி கூட்டணும், வெடிக்காதத தண்ணில போடணும்னா எவ்ளோ நேரம், அப்புறம் அத யார்கிட்ட குடுக்கணும், இது மூணும் தெரிஞ்சவங்க சொல்லுங்க. தீபாவளிக்கு இன்னும் நாலு நாள் இருக்கு.

ரிட்டயர்டு வாத்தியார்
இதுல யோசிக்க என்ன இருக்கு தம்பி. ஒரு பக்கெட் தண்ணி, அதுல எல்லாத்தையும் போடுங்க, ஒரு மணி நேரம் கழிச்சு எடுத்து சாதாரண குப்பையில போட்டுடுங்க. வெடியுப்பு தண்ணியில கரையிற சரக்கு, நான் முப்பது வருஷம் பசங்களுக்கு பாடம் எடுத்திருக்கேன். கரைஞ்சு போச்சுன்னா வெறும் கரியும் கந்தகமும்தான் மிச்சம், அது வெடிக்காது. வெடி செத்துடும்.

கார்த்திகைக்கு வெச்சிக்கலாம்
எங்க வீட்லயும் இதே பிரச்சனைதான், வருஷா வருஷம் பிரிக்காத பாக்ஸ் நாலு மிச்சம் ஆகுது, போன வருஷம் பீரோ மேல வெச்சு நமுத்துப் போச்சு, கார்த்திகைக்கு எடுத்துப் பாத்தா புஸ்வாணம் ஒண்ணுகூட எழும்பல. எப்படி பத்திரப்படுத்துறது? அரிசி டப்பாவுக்குள்ள வெச்சா ஈரம் பிடிக்காதுன்னு எங்க மாமியார் சொல்றாங்க.

மொட்டைமாடி
அக்கா நான் கேக்குறது பிரிக்காத பாக்ஸ் இல்ல, கொளுத்தி வெடிக்காம தெருவுல கிடக்குறத. அரிசி டப்பா வேண்டாம்க்கா, தயவு செஞ்சு.

சாத்தூர் ஃபோர்மேன்
அண்ணாச்சி, பட்டாசு ஆலையில பதினெட்டு வருஷம் ஓடுச்சு, இப்ப வேற தொழில். வாத்தியார் சொன்னது பாதி சரி. வெடியுப்பு கரையும், அதுல மாத்துக்கருத்து இல்ல. ஆனா தண்ணி உள்ள போனாத்தானய்யா கரையும்? ஒரு லட்சுமி வெடிய எடுத்துக்கோங்க, காகிதத்த இறுக்கமா சுத்தி, பசை போட்டு, ரெண்டு பக்கமும் அடைச்சது. அணுகுண்டுக்கு அதுக்கு மேல சணலக் கட்டி பசைய பூசி காய வெச்சிருக்கும். ஒரு மணி நேரத்துல அதுல மேல் காகிதந்தான் நனையும், மருந்து அப்படியே கல்லு மாதிரி காஞ்சு இருக்கும். இன்னொன்னு, முழுசா நனைஞ்சாலும் உப்பு எங்கயும் ஓடிறல, அதே குழாய்க்குள்ளதான் ஊறிக் கெடக்கு. நீங்க எடுத்து குப்பையில போட்டு ரெண்டு நாள் வெயில் பட்டா மறுபடி காஞ்சு உப்பா நிக்கும். முன்ன மாதிரி சத்தம் வராம இருக்கலாம், ஆனா பத்தும். அதனால வெடி சாகாது, ஈரமா இருக்கிற வரைக்கும் தூங்கும், அவ்வளவுதான்.

இனி நான் செய்ற முறைய சொல்றேன்.

ராத்திரியே பொறுக்காதீங்க. திரி பத்தி உள்ள போயி நின்ன வெடிதான் ரொம்ப மோசம். திரிங்கிறது நூலுல கரிமருந்து ஏத்துனது, ஒரு எடத்துல மருந்து கம்மியா இருந்தா பொறி சாகாம நூல்ல கங்கு மாதிரி ஊர்ந்துக்கிட்டே இருக்கும். வெளிய பாத்தா புகை கூட தெரியாது. அதனால கொளுத்தி வெடிக்கலன்னா அரை மணி நேரம் அது பக்கமே போகப்படாது, குனிஞ்சு பாக்கப்படாது, மறுபடி தீ வைக்கப்படாது. அப்புறம் பக்கவாட்டுல நின்னு தூரத்துலருந்து ஒரு குடம் தண்ணிய ஊத்தி விட்ருங்க, எடுக்கிறது விடிஞ்சப்புறம்.

காலைல கூட்டுறதுக்கு முன்னாடி தரையில தண்ணி தெளிங்க, வாசல் தெளிக்கிற மாதிரி. எதுக்குன்னா, உடைஞ்சு கொட்டுன மருந்து பொடியா தரையில கிடக்கும், அலுமினியப் பவுடர் கலந்த மருந்து உரசல்லயே பத்திக்கும். இரும்பு மண்வெட்டியோ தகர முறமோ சிமெண்டு தரையில கரகரன்னு இழுத்தா சங்கடம். ஈர்க்குமாறு, பிளாஸ்டிக் முறம், செருப்பு இல்ல ஷூ, நைலான் சட்டை இல்லாம பருத்தி. பீடி சிகரெட் பக்கத்துல வரக்கூடாது, இத சொல்லத் தேவையில்ல, ஆனா சொல்ல வேண்டியிருக்கு.

கூட்டினத பெரிய குவியலா குவிக்காதீங்க. ஒரு வெடி பத்துனா மத்தது எல்லாம் பத்தும், அதான் உங்க வாட்ச்மேனுக்கு நடந்தது. சின்னச் சின்னக் குவியலா வெச்சு, குச்சியால கிளறி, வெடிக்காதத மட்டும் இடுக்கியால எடுத்து பக்கெட்ல போடுங்க.

மொட்டைமாடி
அண்ணே கையெடுத்து கும்பிடறேன். ரெண்டு சந்தேகம். வெடிச்சது எது வெடிக்காதது எதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது, எங்க ஆளுங்களுக்கு அவ்ளோ பழக்கம் இல்ல. அப்புறம் பக்கெட்ல எவ்ளோ நேரம்?

சாத்தூர் ஃபோர்மேன்
வெடிச்சதுன்னா காகிதம் பூப்போல கிழிஞ்சு விரிஞ்சிருக்கும். வெடிக்காதது ரெண்டு முனையும் மூடி, குழாய் முழுசா இருக்கும், திரி கருகி உள்ள போன ஓட்டை மட்டும் தெரியலாம். அதான் ஆபத்தானது, திரி இல்லையேன்னு சும்மா கையில எடுத்துருவாக. சரம் கொளுத்துன எடத்த நல்லா கிளறுங்க, சரத்துலருந்து அத்து விழுந்த ஒத்த வெடிக காகிதத்துக்கு அடியில நிறைய கிடக்கும், ஆயிரம் வாலாவுல எப்பவும் அப்படித்தான். புஸ்வாணத்துக்கு எடைதான் கணக்கு, எரிஞ்சு முடிஞ்ச புஸ்வாணம் லேசா இருக்கும், பாதியில நின்னது கனமா இருக்கும், வாய்ப்பகுதியில கட்டி தட்டிப்போய் அடியில மருந்து நிக்கும். ராக்கெட்டுக்கும் அதே, குச்சி தலைப்பக்கம் சாஞ்சா மருந்து இருக்கு.

எவ்வளவு நேரம்னு மணிக்கணக்கு சொல்றது தப்பு, கைக்கணக்குதான். இடுக்கியால லேசா அமுக்குங்க, குழாய் சொதசொதன்னு அமுங்குச்சுன்னா உள்ள வரைக்கும் போயிருச்சு. ஊசி வெடி, குருவி வெடி ஒரு நாள்ல அப்படி ஆயிரும். லட்சுமிக்கு ரெண்டு நாள் குடுங்க. சணல் சுத்துன அணுகுண்டு மூணு நாள் கழிச்சும் இறுக்கமா நிக்கிறத பாத்திருக்கேன், அத தனியா வையுங்க. எதையும் ஒடைக்கிறது, அறுக்கிறது, பிரிக்கிறது, ஆணியால ஓட்ட போடுறது கூடாது, தண்ணி சீக்கிரம் போகட்டும்னு சில பேரு செய்வாக. ஆலையிலயே அப்படித்தான் உயிர் போயிருக்கு.

மிதக்கிறது மேல நிக்கும், நனையாது. பக்கெட்டுக்குள்ள ஒரு பிளாஸ்டிக் ஜல்லடய கவுத்துப் போட்டு அதுமேல செங்கல் வையுங்க, எல்லாம் அடியில முங்கிக் கெடக்கணும். பக்கெட் பிளாஸ்டிக்கா இருக்கட்டும். மூடி போடாதீங்க.

மொட்டைமாடி
மூடி ஏன் வேண்டாம்? பிள்ளைங்க கை வெக்கும்னு மூடலாம்னு நினைச்சேன்.

லேப் அக்கா
நான் சொல்லலாமா, நான் கெமிஸ்ட்ரி லேப்ல வேலை பாக்குறேன், பட்டாசு பத்தி ஃபோர்மேன் அண்ணனுக்கு தெரிஞ்ச அளவு தெரியாது ஆனா இது தெரியும். அலுமினியப் பவுடரும் தண்ணியும் ஒண்ணா கிடந்தா மெதுவா ஹைட்ரஜன் வரும், நைட்ரேட்டும் கூட இருந்தா அம்மோனியா வரும், சூடும் ஏறும். அதனால இறுக்கி மூடினா உள்ள காத்து சேரும், அதுக்கு ஒரு பொறி போதும். பக்கெட்ல குமிழி வந்து மூத்திர நெடி மாதிரி அடிச்சா, இல்ல பக்கெட் கை வெச்சா வெதுவெதுன்னு இருந்தா இதுதான் நடக்குதுன்னு அர்த்தம். அப்படின்னா கிளறாம இன்னும் நிறைய தண்ணி ஊத்தணும், கொஞ்சம் தண்ணில நிறைய மருந்து கிடக்கறதுதான் கெட்டது. பிள்ளைங்களுக்கு பயந்தா மேல கொசுவலை துணி கட்டி, பூட்டின கேட்டுக்கு உள்ள திறந்த இடத்துல வைங்க. பேஸ்மெண்ட் பார்க்கிங்ல மட்டும் வைக்காதீங்க.

சாத்தூர் ஃபோர்மேன்
தங்கச்சி சொன்னது நூத்துக்கு நூறு. ஆலையில ஈரம் பட்ட அலுமினிய மருந்து தானா சூடேறிப் பத்திக்கும்னு பயப்படுவோம், அதுக்குத்தான் கலவையில போரிக் பவுடர் போடுறது. சொல்ல மறந்துட்டேன்.

சும்மா ஒருத்தன்
எல்லாத்துக்கும் ஒரே வழி, வெடியவே தடை பண்ணுங்க. முடிஞ்சது கதை.

கார்த்திகைக்கு வெச்சிக்கலாம்
தம்பி காலைல 6லிருந்து 7, சாயங்காலம் 7லிருந்து 8ன்னு ரெண்டு மணி நேரம்தான் குடுத்திருக்காங்க, அதையும் புடுங்கிக்கோ. எங்க பசங்களுக்கு வருஷத்துல ஒரு நாள்.

குப்பைவண்டி மகன்
எங்கப்பா மாநகராட்சி தூய்மைப் பணியாளரா இருந்து ஓய்வு பெத்தவர், தீபாவளி மறுநாள் எங்க வீட்ல அவர் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் சாப்பிடுவார். அவர்கிட்ட கேட்டு எழுதறேன்.

சென்னையில சில வருஷமா பட்டாசுக் குப்பைய தனியா எடுக்கிறாங்க. வார்டுக்கு தனி வண்டி, தனி மூட்டை, அத கொண்டுபோய் கும்மிடிப்பூண்டி சிப்காட்ல இருக்கிற அபாயக் கழிவு கையாள்ற இடத்துக்கு அனுப்புறாங்க. ஒவ்வொரு தீபாவளிக்கும் நூறு டன்னுக்கு மேல போகுது. ஆனா அது நடக்கணும்னா நீங்க தனியா வெச்சுக் குடுக்கணும், மட்கும் குப்பை பச்சைத் தொட்டியில காகிதத்தோட கலந்து போட்டா அது கம்பாக்டர் லாரிக்குள்ள போயிடும். உள்ள ஹைட்ராலிக் தட்டு நசுக்கும்போது வெடிக்காத வெடி வெடிச்சு குப்பை புகையிறது எங்கப்பா ரெண்டு தடவை பாத்திருக்கார். அவங்க உடனே லாரிய ஓரம் கட்டி நடு ரோட்டுலயே குப்பைய கொட்டி தண்ணி அடிப்பாங்களாம், அதுக்கும் போற வர்றவங்க திட்டுவாங்களாம்.

அவர் சொன்ன இன்னொன்னு: தண்ணி சொட்டச் சொட்ட மூட்டை குடுத்தா யாரும் வாங்க மாட்டாங்க. முதுகுல தூக்குறவன் மேல ஒழுகும், அதுல உள்ளது தோல் அரிக்கும். ஃபோர்மேன் ஈரமா வைன்னு சொல்றார், எங்கப்பா ஈரமா குடுக்காதன்னு சொல்றார். நடுவுல நீங்க என்ன செய்வீங்கன்னு தெரியல.

சாத்தூர் ஃபோர்மேன்
பெரியவர் சொல்றது நியாயம். தண்ணிய வடிச்சுட்டு ஈரத்தோட கெட்டி பிளாஸ்டிக் பையில போட்டு, அந்தப் பைய இன்னொரு பையில போட்டு, வாய லேசா மடிச்சுக் குடுங்க, முடிச்சு இறுக்க வேண்டாம். சொட்டாது, காயவும் காயாது. வடிச்சு ஒரு ராத்திரிக்கு மேல வெச்சிருக்கப்படாது. வண்டி என்னைக்கு வருதுன்னு முதல்லயே கேட்டு வெச்சுட்டு அதுக்கு முந்தின ராத்திரி வடிங்க. பை மேல பட்டாசுன்னு பெருசா எழுதுங்க.

நாலுகால் வீடு
நான் வேற விஷயம் சொல்றேன், மன்னிச்சுக்கோங்க, ஆனா சம்பந்தம் இருக்கு. எங்க தெருநாய் ஒண்ணு, மூணு வருஷமா சோறு வெக்கிறேன், ரெண்டு வருஷம் முன்னாடி தீபாவளிக்கு மறுநாள் பாதி எரிஞ்ச கம்பி மத்தாப்பு, சங்கு சக்கரம் எல்லாம் கிடந்த குப்பைய கிளறி எதையோ மென்னுடுச்சு. மத்தியானம் வாந்தி, வாயில நுரை, சாயங்காலம் பின்னங்கால் ரெண்டும் துவண்டு போச்சு. நான் வெடி சத்தத்துல பயந்து நடுங்குதுன்னு நினைச்சு ஒரு ராத்திரி விட்டுட்டேன். மறுநாள் டாக்டர் ரத்தம் எடுத்துப் பாத்துட்டு பொட்டாசியம் ரொம்ப இறங்கியிருக்குன்னு டிரிப்ஸ் போட்டார். பிழைச்சுடுச்சு. அது பட்டாசுதானான்னு யாரும் உறுதியா சொல்லல. யாருக்காவது இப்படி நடந்திருக்கா?

லேப் அக்கா
அது பட்டாசுதான்னு நான் பந்தயம் கட்ட மாட்டேன், ஆனா நீங்க சொல்ற அறிகுறி பேரியம் விஷத்துக்கு அப்படியே பொருந்துது. பேரியம் நைட்ரேட்னு ஒரு உப்பு, மத்தாப்பு, சக்கரம், புஸ்வாணத்துல பச்சை நிறத்துக்கும் நல்லா எரியவும் போடுவாங்க, தண்ணில கரையும், உள்ள போனா ரத்தத்துல இருக்கிற பொட்டாசியத்த செல்லுக்குள்ள தள்ளி விட்டுடும், தசை செயலிழக்கும், கடைசில இதயம். உச்ச நீதிமன்றம் 2018லயே பேரியம் கூடாதுன்னு சொல்லி 2021ல மறுபடியும் சொல்லுச்சு. ஆனா உங்க வீட்டு டப்பாவுக்குள்ள இருக்கான்னு எரியிறத பாத்து கண்டுபிடிக்க முடியாது. அதனால கம்பி மத்தாப்பு எரிஞ்ச கம்பி, சக்கர மிச்சம் இதெல்லாம் நாய், மாடு வாய் வெக்காத இடத்துல வைங்க, வாய் வெச்சா வாந்தி வர்ற வரை காத்திருக்காம தூக்கிட்டு ஓடுங்க.

நாலுகால் வீடு
நன்றி. ஒரு ராத்திரி விட்டது இன்னும் உறுத்துது.

ரிட்டயர்டு வாத்தியார்
சரி, நான் ஒரு மணி நேரம்னு சொன்னது அவசரம்தான். ஆனா இப்ப என் கேள்விக்கு பதில் சொல்லுங்க. அந்த பக்கெட் தண்ணி? நைட்ரேட்டு, பேரியம் எல்லாம் அதுல வந்தாச்சு. அத எங்க ஊத்துவீங்க? செடிக்கு ஊத்தலாம், நைட்ரேட் உரம்தானே.

லேப் அக்கா
சார் செடிக்கு வேண்டவே வேண்டாம். பேரியமும் போகுது, பெர்குளோரேட்னு இன்னொரு பட்டாசு உப்பு இருந்தா அதுவும் போகுது. அபார்ட்மெண்ட்ல மழைநீர் சேகரிப்புக் குழி, கிணறு, போர் பக்கம் ஊத்தவே கூடாது, 2003லிருந்து சென்னையில ஒவ்வொரு வீட்லயும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், அந்தக் குழில ஊத்தினா நேரா நிலத்தடி நீருக்கு போகும். மழைநீர் கால்வாய்லயும் வேண்டாம், அது ஏரிக்கோ கடலுக்கோ போகும்.

பேரியத்துக்கு ஒரு எளிய வழி இருக்கு. மருந்துக் கடையில பேதி உப்புன்னு கேளுங்க, மெக்னீசியம் சல்பேட். ஒரு பக்கெட்டுக்கு ரெண்டு கைப்பிடி கரைச்சு விட்டா பேரியம் சல்பேட்டா வெள்ளையா அடியில படிஞ்சுடும், அது கரையாது. வயித்துல எக்ஸ்ரே எடுக்க குடிக்க வெக்கிற வெள்ளைக் கஞ்சி அதுதான், கரையாததாலதான் அத குடிச்சும் உயிரோட இருக்காங்க. படிஞ்ச சேறு பட்டாசு மூட்டையோட போகணும். வெடிக்காதத எல்லாம் எடுத்தப்புறம்தான் இத செய்யணும், உள்ள முழுசா வெடி கிடக்கும்போது கலக்க வேண்டாம்.

மேல நிக்கிற தண்ணில நைட்ரேட் இருக்கும், அதுக்கு வீட்டு அளவுல வழி இல்ல. டாய்லெட்ல ஊத்தி கழிவுநீர் சாக்கடைக்கு அனுப்பறது மத்த வழிகள விட பரவால்லன்னு நான் சொல்வேன்.

ரிட்டயர்டு வாத்தியார்
செப்டிக் டேங்க் இருக்கிற வீட்டுல?

லேப் அக்கா
அங்க நான் டாய்லெட்ல ஊத்த மாட்டேன். மணல்ல ஊறவெச்சு, மணலயே மூட்டைக்கு போடுவேன். அதுவும் பெரிய தீர்வு இல்ல, தெரியும். தண்ணிய குறைச்சுப் பயன்படுத்துன்னும் சொல்ல முடியல, கொஞ்சம் தண்ணி ஆபத்துன்னு நானே மேல எழுதியிருக்கேன்.

டூவீலர் மெக்கானிக்
எங்க ஊர் தென்காசி பக்கம், இங்க தனி வண்டியும் இல்ல கும்மிடிப்பூண்டியும் இல்ல. வருஷா வருஷம் மைதானத்துல குழி தோண்டி மண்ணுல புதைக்கிறோம். தப்பா?

சாத்தூர் ஃபோர்மேன்
தப்புன்னு எப்படி சொல்ல, உங்களுக்கு வேற எடம் இல்ல. ஆனா காய்ஞ்சத புதைக்காதீங்க, அது ஒரு மழைக்காலம் தாங்கி அடுத்த வருஷம் எவனாவது கம்பி நடும்போது மண்வெட்டியில மாட்டும். நல்லா சொதசொதன்னு ஊறுனதத்தான் புதைக்கணும். புதைக்கிறத விட, பேரூராட்சியிலயோ தீயணைப்பு நிலையத்துலயோ போய் ஒரு வார்த்தை கேளுங்க, சில ஊர்ல வாங்கி வெக்கிறாக, சில ஊர்ல விரட்டி விடுறாக. ஆலையில மிச்ச மருந்த தனிக் குழியில போட்டு எரிக்கிற வழக்கம் உண்டு, அத பாத்து நீங்க செஞ்சுறாதீங்க, அந்த எரிக்கிற எடத்துல தான் நிறைய விபத்து.

(தீபாவளிக்கு மூணு நாள் கழிச்சு)

மொட்டைமாடி
முடிஞ்சது, நடந்தத அப்படியே எழுதறேன்.

முந்தின நாளே வாட்ச்மேன், பெருக்குற அம்மா ரெண்டு பேரையும் உக்கார வெச்சு சொல்லிட்டேன், எரிக்கிறது கிடையாதுன்னு. அம்மா முதல்ல கேட்டது ஷூ எங்கன்னுதான். வாங்கிக் குடுத்தோம். மூணு இருபது லிட்டர் பெயிண்ட் பக்கெட், ரெண்டு கட்டிட வேலை இடுக்கி, நாலு ஈர்க்குமாறு. மண்டபத்துக்கு வாங்கின பிளாஸ்டிக் ஜல்லடைய நறுக்கி பக்கெட் வாய்க்கு போட்டோம்.

காலைல ஆறரைக்கு தெளிச்சு கூட்ட ஆரம்பிச்சோம், எட்டே காலுக்கு முடிஞ்சுது. கிடைச்சதுல பாதிக்கு மேல ஃபோர்மேன் அண்ணன் சொன்ன மாதிரி சரத்துலருந்து அத்து விழுந்த ஒத்த வெடிதான், ஒரு முறம் நிறைய. பசங்க அதுக்குள்ள பொறுக்க வந்துட்டாங்க, ஒருத்தன் பாக்கெட்ல ஏழெட்டு ஊசி வெடி, என்னடான்னா மருந்த பேப்பர்ல கொட்டி கொளுத்தி பாக்கப் போறானாம். அப்பாவ கூப்பிட்டு சொன்னேன், அவர் சிரிச்சாரு, நாங்களும் சின்ன வயசுல பண்ணிருக்கோம்னு. அதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.

நடுவுல ஒரு பிரச்சனை. ஒரு வீட்ல 60 ஷாட் பெட்டி கொளுத்தி இருபது முப்பதோட நின்னு போச்சு. அட்டைப் பெட்டி, மேல பாதி ஓட்டை கருகி, மீதி காகிதம் ஒட்டி மூடியிருக்கு. வீட்டுக்காரர் "பக்கத்துல மிச்ச திரி நீட்டிக்கிட்டு இருக்கு, மறுபடி பத்த வெக்கலாம்"னு ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணினார். வேண்டாம்னு சொல்லிட்டு, அரை மணி கழிச்சு தூரத்துலருந்து ஹோஸ் பைப்ல பக்கவாட்டா தண்ணி அடிச்சு நனைச்சோம், வாய்ப்பக்கம் யாரும் நிக்கல. காலைல இடுக்கியால முடியல, அட்டை ஊறி பிய்ஞ்சுது, அதனால பழைய துணி துவைக்கிற டப்பாவ அது பக்கத்துல சாய்ச்சு வெச்சு விளக்குமாத்தால தள்ளி உள்ள போட்டு, தண்ணி நிரப்பி, மேல செங்கல் வெச்சோம். குமிழி நிறைய வந்துச்சு ஆனா அது அட்டைக்குள்ள இருந்த காத்தா இல்ல லேப் அக்கா சொன்ன ஹைட்ரஜனான்னு எனக்கு தெரியல. நெடி எதுவும் இல்ல.

கம்பி மத்தாப்பு கம்பி மட்டும் தனியா ஒரு டப்பா, கழுவி காயலான் கடைக்கு போட்டோம், வாங்கிக்கிட்டார்.

லேப் அக்கா
முதல் அரை மணி நேரம் மட்டும் வந்து நின்னு போச்சுன்னா காத்து. மறுநாளும் வந்துட்டு இருந்தா மத்தது.

மொட்டைமாடி
நின்னு போச்சு. அப்ப காத்துதான் போல.

ரெண்டாவது நாள் இடுக்கியால ஒவ்வொன்னா அமுக்கிப் பாத்தேன். சின்னதெல்லாம் சொதசொத. லட்சுமி வெடில சிலது ஓரம் மட்டும் அமுங்குது, நடு இறுக்கம், அதனால இன்னொரு நாள் விட்டோம். வண்டி இன்னைக்குத்தான் வந்துச்சு. 1913க்கு போன் பண்ணி கேட்டதுல ஒருத்தர் நாளைக்கு வரும்னு சொன்னாரு, வரல, அடுத்த நாள் வந்துச்சு. வடிச்சு ரெண்டு பைல போட்டு, கார்ட்போர்ட்ல பட்டாசுன்னு எழுதி தனியா குடுத்தோம். வாங்கினவர் எடையைப் பாத்துட்டு "என்னங்க செங்கல்லா?"ன்னு கேட்டார். பேதி உப்பு போட்டதுல தண்ணி வெள்ளையா கலங்கி அடியில ஒரு விரக்கடை சேறு படிஞ்சுது, ஆச்சரியமா இருந்துச்சு, அப்ப பேரியம் நிஜமாவே இருந்திருக்குல்ல?

லேப் அக்கா
இருந்திருக்கலாம். பேரியம் இல்லாம வேற எதாவது கலங்கியிருக்கவும் வாய்ப்பு இருக்கு, காகிதச் சேறும் வெள்ளையாத்தான் இருக்கும். உறுதியா சொல்ல பரிசோதிக்கணும்.

மொட்டைமாடி
இன்னொன்னு பாக்கி. அணுகுண்டு நாலு, மூணு நாள் ஆச்சு, இன்னும் கல்லு மாதிரி இருக்கு. வண்டில குடுக்கல. பக்கெட்லயே விட்டிருக்கேன், மழை பெய்யுது, நாலாவது மாடிக்கு மேல மொட்டைமாடில தண்ணித் தொட்டி பக்கத்துல. ஃபோர்மேன் அண்ணே இன்னும் எத்தனை நாள்?

சாத்தூர் ஃபோர்மேன்
பக்கெட்ட அங்கருந்து எடுங்க அண்ணாச்சி, தண்ணித் தொட்டி பக்கத்துல வேண்டாம். எத்தனை நாள்னு நான் சொல்ல மாட்டேன். நல்லா ஊறட்டும், தினம் ஒரு தடவ அமுக்கிப் பாருங்க. வாரம் ஆயும் இறுக்கமா இருந்தா அத முங்குன மேனிக்கே பக்கெட்டோட தூக்கிட்டு தீயணைப்பு நிலையத்துல காட்டுங்க.

குப்பைவண்டி மகன்
எங்கப்பா கேக்குறார், அந்த அம்மாவுக்கு கையுறை குடுத்தீங்களா?

மொட்டைமாடி
ஷூ குடுத்தோம். கையுறை மறந்துட்டோம்.